நான்கு வருட ஆப்ஷனுக்கு முதல் வருடத்திலேயே பாதிச் செலவா? வெஸ்ட்டிங் அட்டவணைகள் ஓர் ஒப்பீடு

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில், பத்து பேருக்குத் தலா 4,000 ஆப்ஷன் கொடுத்திருந்தார்கள், அதாவது நிறுவனத்தின் பங்கை முன்பே நிர்ணயித்த விலையில் பின்னாளில் வாங்கும் உரிமை. மொத்தம் 40,000. ஓர் ஆப்ஷனின் நியாய மதிப்பு 300 ரூபாய் என்று மதிப்பீட்டாளர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் மொத்தச் செலவு 1.2 கோடி. ஒவ்வொரு வருட முடிவிலும் 25 சதவீதம் வீதம் நான்கு வருடத்தில் முழுவதும் ஊழியருடையதாகிவிடும், இப்படி உரிமையாவதைத்தான் வெஸ்ட் ஆவது என்கிறோம். அந்த நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளர் எக்செல்லில் 30, 30, 30, 30 லட்சம் என்று நான்கு கட்டங்களை நிரப்பி, அதை வைத்தே பட்ஜெட்டும் போட்டிருந்தார். தணிக்கையாளரின் தாளில் இருந்தது வேறு: 62.5, 32.5, 17.5, 7.5.

"சார், கூட்டினா ரெண்டும் 120 தான் வருது. ஆனா முதல் வருஷத்துலயே பாதிக்கு மேல எப்படிப் போகும்? நாங்க நாலு வருஷத்துக்குத்தானே கொடுத்தோம்?" என்று கேட்டார். அவர் போர்டிடம் சொல்லியிருந்த லாபக் கணிப்பு இந்த ஒரு வரியாலேயே மாறிவிட்டது. அடுத்த சுற்று ஆப்ஷனை எந்த அட்டவணையில் கொடுப்பது என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. சமமாக 25 சதவீதம் வீதம் கொடுப்பதா, நான்காம் வருட முடிவில் மொத்தமாகக் கொடுப்பதா, 10-20-30-40 என்று ஏறுமுகமாகக் கொடுப்பதா, அமெரிக்க ஸ்டார்ட்அப்கள் போல ஒரு வருடம் கழித்து மாதாமாதம் கொடுப்பதா? அதற்குப் பதில் சொல்ல, முதலில் அந்த 62.5 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

அந்த நிறுவனம் இண்ட் ஏஎஸ் கணக்கியல் தரங்களின் கீழ் வருவது. அதில் பங்கு சார்ந்த ஊதியத்துக்கான தரம் இண்ட் ஏஎஸ் 102. அது சர்வதேசத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 2-இலிருந்து வந்தது. தவணை தவணையாக வெஸ்ட் ஆகும் ஆப்ஷனை அது ஒரே வழங்கலாகப் பார்ப்பதில்லை, நான்கு தனி வழங்கல்களாகப் பார்க்கிறது. முதல் 10,000 ஆப்ஷனுக்காக ஊழியர் ஒரு வருடம் உழைக்கிறார், அதன் 30 லட்சமும் முதல் வருடத்தில் விழும். இரண்டாவது 10,000-க்காக அவர் இரண்டு வருடம் உழைக்கிறார். ஆனால் அந்த உழைப்பு இரண்டாம் வருடத்தில் தொடங்குவதில்லை, முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே அதில் பாதி, 15 லட்சம், முதல் வருடத்துக்கு. மூன்றாவது தவணையில் மூன்றில் ஒரு பங்கு 10 லட்சம், நான்காவதில் கால் பங்கு 7.5 லட்சம். கூட்டினால் 62.5. முதல் வருடத்தில் நான்கு தவணைகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நான்காம் வருடத்தில் கடைசித் தவணை மட்டும்தான் மிச்சம்.

இதை எக்செல்லில் போடுவது சுலபம். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வரி, B பத்தியில் அதன் மதிப்பு, C பத்தியில் அது வெஸ்ட் ஆக எடுக்கும் மாதங்கள், F1-இல் வழங்கிய நாளிலிருந்து கடந்த மாதங்கள். அன்றுவரை சேர்ந்த செலவு:

```
=B2*MIN($F$1,C2)/C2
```

இந்த வருடத்தின் கூட்டுத்தொகையிலிருந்து போன வருடத்தின் கூட்டுத்தொகையைக் கழித்தால் இந்த வருடச் செலவு. MIN இல்லாமல் எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது வெஸ்ட் ஆகி முடிந்த தவணையும் செலவாகிக்கொண்டே போகும், மொத்தம் 120-ஐத் தாண்டிவிடும். நான்காம் வருடக் கூட்டுத்தொகை சரியாக 120-இல் நிற்கிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது, அந்த நிறுவனத்தின் தாளிலும் அது இருந்தது. ஆப்ஷன் வழங்கியது அக்டோபர் 1-ஆம் தேதி. நிதியாண்டு முடிவது மார்ச் 31. 62.5 என்பது முதல் பன்னிரண்டு மாதச் செலவு, முதல் நிதியாண்டின் செலவு அல்ல. முதல் நிதியாண்டுக்கு ஆறு மாதம் மட்டும்தான், அதாவது 31.25 லட்சம். இரண்டாம் நிதியாண்டில் மீதி 31.25-உடன் இரண்டாம் வருடத்தின் பாதி 16.25-ம் சேர்ந்து 47.5 லட்சம் ஆகும். அதற்கடுத்து 25, 12.5, 3.75. ஐந்து நிதியாண்டுகளில் பரவுகிறது, கனம் இரண்டாவதில் விழுகிறது. முதல் நிதியாண்டைப் பார்த்து "பரவாயில்லை, 31 லட்சம்தான்" என்று நிம்மதியானவர்கள் அடுத்த வருடம் திடுக்கிடுவது இதனால்தான்.

சரி, 30-30-30-30 என்பது முற்றிலும் தவறா? அமெரிக்க விதிகளில் அது தவறில்லை. அங்குள்ள கணக்கியல் தரமான ஏஎஸ்சி 718, வேலையில் நீடிப்பதை மட்டுமே நிபந்தனையாகக் கொண்ட ஆப்ஷன்களுக்கு ஒரு தேர்வைக் கொடுக்கிறது. தவணைவாரியாகவும் கணக்கிடலாம், முழு வழங்கலையும் ஒன்றாக எடுத்து நேர்கோட்டு முறையில் எல்லா வருடங்களுக்கும் சமமாகவும் பரப்பலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதைக் கொள்கையாகத் தொடர்ந்து கடைப்பிடிக்க வேண்டும். நேர்கோட்டு முறைக்கு ஒரு கீழ்வரம்பும் உண்டு: எந்தத் தேதியிலும் அதுவரை காட்டிய செலவு, அதுவரை வெஸ்ட் ஆன ஆப்ஷன்களின் மதிப்புக்குக் குறையக் கூடாது. சமமான 25 சதவீதத்தில் இந்த வரம்பு தொந்தரவு செய்யாது. முதல் வருட முடிவில் வெஸ்ட் ஆனது 30, காட்டிய செலவும் 30. ஆனால் யாராவது 40-30-20-10 என்று இறங்குமுகமாகக் கொடுத்தால் முதல் வருடத்தில் 30 போதாது, 48 காட்டியாக வேண்டும்.

அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் கீழ் சென்னையில் இயங்கும் துணை நிறுவனங்களில் இதனால் ஒரு சிக்கல் வருகிறது. தாய் நிறுவனம் அமெரிக்க விதிப்படி நேர்கோட்டில் போகிறது. சென்னை நிறுவனம் இண்ட் ஏஎஸ்-க்குள் வந்துவிட்டால் அதே ஆப்ஷனைத் தவணைவாரியாகத்தான் காட்ட வேண்டும். தாய் நிறுவனம் மாதாமாதம் அனுப்பும் எண்ணை அப்படியே உள்ளூர்ப் புத்தகத்தில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. மார்ச் மாதத்தில் தணிக்கையாளர் வந்ததும் பெரிய சரிக்கட்டுப் பதிவு விழும். இரண்டு அட்டவணைகளையும் முதல் நாளிலிருந்தே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் வழி.

ஆக, இண்ட் ஏஎஸ் நிறுவனத்துக்குக் கணக்கு முறையில் தேர்வு இல்லை. தேர்வு இருப்பது வெஸ்ட்டிங் அட்டவணையில்தான். அதே 1.2 கோடிக்கு, ஊழியர் யாரும் விலகவில்லை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அட்டவணையிலும் செலவு எப்படி விழுகிறது என்று பார்ப்போம் (லட்சத்தில்):

| அட்டவணை | 1-ஆம் வருடம் | 2 | 3 | 4 |
|---|---|---|---|---|
| வருடத்துக்கு 25% | 62.5 | 32.5 | 17.5 | 7.5 |
| 10-20-30-40 | 48 | 36 | 24 | 12 |
| நான்காம் வருட முடிவில் மொத்தமாக | 30 | 30 | 30 | 30 |

நான்காவது வகை, முதல் வருட முடிவில் 25 சதவீதமும் அதன்பின் மாதாமாதம் நாற்பத்தெட்டில் ஒரு பங்கும் வெஸ்ட் ஆவது. அதை அட்டவணையில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது 37 தவணை. ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும், கறாராகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஊழியர் அதைப் பங்காக மாற்றுவார் என்று எதிர்பார்க்கும் காலம் மாறுவதால் நியாய மதிப்பும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். முதல் பன்னிரண்டு மாதச் செலவு 70 லட்சத்தைத் தாண்டுகிறது. வருடத்துக்கொரு முறை வெஸ்ட் ஆவதைவிட ஊழியருக்கு இது நல்லது, முதல் வருடத்துக்குப் பிறகு ஒரு வருடத்தின் நடுவில் விலகினாலும் அந்த மாதங்களுக்கானது கையில் இருக்கும். ஆனால் இரண்டு பேர் மட்டுமே இருக்கும் கணக்குப் பிரிவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு காலாண்டிலும் 37 வரி, அதுவும் ஒவ்வொரு வழங்கலுக்கும். மூன்றாவது சுற்று வழங்கலில் எங்கேயாவது ஒரு வரி நழுவிவிடும்.

இந்த அட்டவணையைப் பார்த்ததும் போர்டில் ஒருவர், "அப்போ மொத்தமா நாலாவது வருஷமே கொடுத்துடலாமே, கணக்கும் சமமா வரும்" என்றார். எண்ணை மட்டும் பார்த்தால் அது நியாயமாகத்தான் தோன்றும். விலகும் ஊழியரை வைத்துப் பார்த்தால் படம் மாறுகிறது.

பத்துப் பேரில் ஒருவர் பதினெட்டாவது மாதம் விலகுகிறார். அவர் பங்கின் மொத்த மதிப்பு 12 லட்சம், தவணைக்கு 3 லட்சம். வருடத்துக்கு 25 சதவீத அட்டவணையில், யாரும் விலக மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு கணக்கு வைத்திருந்தால், அன்றுவரை அவருக்காக ஏறிய செலவு: முதல் தவணை முழுதாக 3, இரண்டாவதில் நான்கில் மூன்று பங்கு 2.25, மூன்றாவதில் பாதி 1.5, நான்காவதில் 1.125. மொத்தம் 7.875 லட்சம். முதல் தவணை வெஸ்ட் ஆகிவிட்டது, அது அவருடையது, அதன் செலவு நிற்கும். மீதி 4.875 லட்சம் திரும்ப வருகிறது, அந்த வருடச் செலவைக் குறைக்கிறது. மொத்தமாக வெஸ்ட் ஆகும் அட்டவணையில் அவருக்காக ஏறியது 4.5 லட்சம், முழுவதும் திரும்புகிறது. அவர் கையில் எதுவும் இல்லை. நாற்பத்தேழாவது மாதம் விலகினாலும் இதே கதைதான். ஊழியர்கள் இதை முதல் மாதத்திலேயே புரிந்துகொள்வார்கள். அப்புறம் அந்த ஆப்ஷனைச் சம்பளத்தின் ஒரு பகுதியாக அவர்கள் நினைப்பதே இல்லை. ஆளைப் பிடித்து வைக்கக் கொடுத்த ஒன்று, ஆளை வைத்திருக்காமல் செலவை மட்டும் சமமாகக் காட்டிக்கொண்டிருக்கும். கணக்கு அழகாக வர வேண்டும் என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

விலகல் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாரும் விலக மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள இண்ட் ஏஎஸ் 102 விடாது. எத்தனை ஆப்ஷன் கடைசியில் வெஸ்ட் ஆகும் என்று மதிப்பிட்டு, ஒவ்வொரு கணக்கு முடிப்பிலும் அந்த மதிப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும். விலகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற கொள்கையை 2016-க்குப் பிறகு அமெரிக்க விதிகள் அனுமதிக்கின்றன, இங்கே அது கிடையாது. வருடத்துக்கு 8 சதவீதம் பேர் விலகுவார்கள் என்று எடுத்தால், முதல் தவணை 27.6 லட்சம், நான்காவது தவணை சுமார் 21.5 லட்சம். நான்கு தவணைக்கும் தனித்தனியாகக் குறைத்தால் முதல் வருடச் செலவு 62.5-க்குப் பதில் சுமார் 53.5 ஆகிறது. அந்த நிதிப் பொறுப்பாளர் தேடிக்கொண்டிருந்த குறைப்பில் ஒரு பகுதி இங்கேயே நியாயமான வழியில் கிடைத்தது. ஆனால் அந்த 8 சதவீதத்துக்கு ஆதாரம் வேண்டும். கடந்த மூன்று நான்கு வருடங்களில் இதே நிலையில் இருந்தவர்கள் எத்தனை பேர் விலகினார்கள் என்ற மனிதவளப் பிரிவின் பட்டியல் போதும். நிறுவனம் முழுவதற்குமான விலகல் விகிதத்தை எடுத்துப் போடக் கூடாது. ஆப்ஷன் கிடைத்தவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள், அவர்கள் விலகும் வேகம் வேறு.

செலவு திரும்ப வராத இடம் எது என்பதிலும் பலருக்குக் குழப்பம் உண்டு. வெஸ்ட் ஆன பிறகு ஊழியர் அதைப் பங்காக மாற்றாமல் விட்டுவிட்டாலோ, பங்கின் விலை விழுந்து ஆப்ஷன் பயனற்றுப் போனாலோ, ஏற்றிய செலவு லாப நட்டக் கணக்குக்குத் திரும்பாது. சமபங்குக்குள்ளேயே ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வழங்கிய நாளில் நிர்ணயித்த 300 ரூபாயும் அதன்பின் மாறாது, பங்கு இரண்டு மடங்கானாலும் சரி, பாதியானாலும் சரி. திரும்ப வருவது, வெஸ்ட் ஆகும் வரை வேலையில் நீடிக்க வேண்டும் என்ற சேவை நிபந்தனை நிறைவேறாமல் விலகியவர்களின் பகுதி மட்டும்.

இனி சமமான 25 சதவீதமா, 10-20-30-40-ஆ என்பதுதான் உண்மையான போட்டி. 10-20-30-40-இல் செலவு 48, 36, 24, 12 என்று ஒரே சீராக இறங்குகிறது, போர்டுக்கு விளக்குவது எளிது. நீண்ட காலம் இருப்பவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் வேலைக்கு எடுக்கும்போது பக்கத்து நிறுவனம் 25 சதவீதம் கொடுத்தால், முதல் வருட முடிவில் பத்து சதவீதம் என்பது மெலிந்துதான் தெரியும். முதல் தவணை வெஸ்ட் ஆகும் வரை குறைந்தது ஒரு வருடம் இடைவெளி இருக்க வேண்டும் என்று இந்திய கம்பெனிச் சட்ட விதிகளே சொல்வதால், ஊழியர் எப்படியும் ஒரு வருடம் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்குப் பிறகு 400 ஆப்ஷனா, 1,000 ஆப்ஷனா என்பது அவருக்குப் பெரிய வித்தியாசம்.

நான் அந்த நிறுவனத்திடம் சமமான 25 சதவீதத்தையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். காரணம் இன்னொரு கணக்கு. அவர்கள் ஒரு தடவை மட்டும் ஆப்ஷன் கொடுக்கப் போவதில்லை. வருடாவருடம் ஏறக்குறைய இதே அளவு கொடுப்பது அவர்கள் திட்டம். அப்படிக் கொடுத்தால் தவணைவாரி முறையில் முதல் வருடம் 62.5, இரண்டாம் வருடம் பழையதும் புதியதுமாக 95, மூன்றாம் வருடம் 112.5, நான்காம் வருடம் 120. நேர்கோட்டில் 30, 60, 90, 120. நான்காம் வருடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, அதன்பின் வருடந்தோறும் 120 தான். வழங்கல் ஒரே அளவில் தொடரும் நிறுவனத்தில் இந்த அட்டவணைச் சண்டை முதல் மூன்று வருடங்களுக்கு மட்டுமானது. அந்த மூன்று வருட எண்ணுக்காக, பத்து வருடம் ஊழியர்கள் வாழப்போகும் திட்டத்தை வளைக்கத் தேவையில்லை. வழங்கல் வருடாவருடம் பெருகும் நிறுவனத்தில் தவணைவாரிச் செலவு எப்போதும் கொஞ்சம் முன்னால் ஓடும் என்பது உண்மை. அங்கே இந்த வாதத்தின் பலம் குறையும்.

இந்த ஒப்பீடு முழுவதும் சேவை நிபந்தனைக்கு மட்டுமே பொருந்தும். நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டால்தான் வெஸ்ட் ஆகும் என்ற நிபந்தனை சேர்ந்தால் கணக்கே வேறு. அமெரிக்க விதிகளில் பட்டியலிடல் நடக்கும் வரை அது நிகழக்கூடியது என்று கருதப்படுவதில்லை. ஆகவே அதுவரை செலவு பூஜ்யம், நடந்த அன்று சேர்ந்ததெல்லாம் மொத்தமாக விழும். சென்னையில் தொடங்கி 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலான ஃபிரெஷ்வொர்க்ஸ் இப்படி நிபந்தனை வைத்த பங்கு அலகுகளைக் கொடுத்திருந்தது, அந்தக் காலாண்டில் அதன் செலவு பெருத்துத் தெரிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த மாதிரி நிபந்தனை இருக்கும்போது நேர்கோட்டுத் தேர்வும் கிடையாது.

அந்த நிறுவனம் கடைசியில் 25 சதவீதத்தையே வைத்துக்கொண்டது, மாதாந்தர முறையைக் கைவிட்டது, விலகல் மதிப்பீட்டை நாற்பத்தைந்து பேரின் பழைய பதிவுகளிலிருந்து எடுத்தது. மாற்றியது ஒன்றே ஒன்று: வழங்கும் தேதி. அடுத்த சுற்றை அக்டோபருக்குப் பதில் ஏப்ரல் 1-க்கு நகர்த்தினார்கள். வருடச் செலவும் நிதியாண்டுச் செலவும் ஒன்றாகிவிட்டதால், முதல் வருடச் செலவு போர்டு தாளிலும் தணிக்கையாளர் தாளிலும் ஒரே கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. பங்குதாரர்களின் ஒப்புதல் தீர்மானம் மார்ச் மாதத்திலேயே நிறைவேறியிருக்க வேண்டும் என்பதை மட்டும் அந்த நிதிப் பொறுப்பாளர் தன் நாட்குறிப்பில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். ஒப்புதல் பின்னால் வந்தால், கடிதத்தில் எந்தத் தேதி போட்டிருந்தாலும், ஒப்புதல் கிடைத்த நாள்தான் வழங்கிய நாள். அன்றைய பங்கு மதிப்பில்தான் 300 ரூபாய் மறுபடி கணக்கிடப்படும்.